லாக்டேஸ் மாத்திரை பால் சர்க்கரையை எங்கே வெட்டுகிறது, வெட்டாமல் விட்டால் வயிற்றில் என்ன நடக்கிறது

பால் குடித்து வயிறு கடமுடாவென்று கலங்கத் தொடங்கிய பிறகு லாக்டேஸ் மாத்திரையைத் தேடி எடுத்து விழுங்குபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வேளையில் அது அநேகமாக ஒன்றும் செய்யாது. வயிற்றுப்போக்கை நிறுத்துகிற மருந்துகளைப் போல இது குடலின் அசைவையோ நரம்பையோ தொடுவதில்லை. பாலில் உள்ள ஒரேயொரு சர்க்கரையை இரண்டாக வெட்டுகிற நொதி மட்டுமே அதில் இருக்கிறது. அந்த வெட்டும் வேலை பாலும் மாத்திரையும் இரைப்பையில் சேர்ந்து கிடக்கிற சிறிது நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிட வேண்டும். இதை நன்றாக விளங்கிக்கொண்டால் மாத்திரையை எப்போது, எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பது தானாகவே தெளிவாகும். அதற்குக் கால் லிட்டர் பசும்பால் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது வாயிலிருந்து பெருங்குடல் வரை போகிற வழியில் அதனுடைய சர்க்கரைக்கு என்ன நேர்கிறது என்று பின்தொடர்ந்து பார்ப்போம்.

பசும்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 4.8 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. ஆகவே கால் லிட்டரில் ஏறத்தாழ 12 கிராம். குளுக்கோஸ் ஒன்றும் காலக்டோஸ் ஒன்றும் கைகோத்து நிற்பதுதான் லாக்டோஸ். சிறுகுடலின் சுவரில் உள்ள செல்களுக்குக் குளுக்கோஸையும் காலக்டோஸையும் தனித்தனியாக உள்ளே இழுத்துக்கொள்ளும் வாயில் உண்டு. இரண்டும் சேர்ந்து நிற்கும் லாக்டோஸை உள்ளே விடும் வாயில் கிடையாது. எனவே வெட்டப்படாத லாக்டோஸ் எவ்வளவு இருந்தாலும் அது குடலின் குழாய்க்குள்ளேயே கிடந்து கீழே நகரவேண்டியதுதான். வெட்டுகிற லாக்டேஸ் நொதி, சிறுகுடலின் உட்சுவரிலுள்ள குடலுறிஞ்சிகளின் மேற்பரப்புச் செல்களில் பதிந்து நிற்கிறது. குறிப்பாக அந்த உறிஞ்சிகளின் நுனிப்பக்கத்தில்தான் அது நிறைய இருக்கிறது. இந்தச் சிறு விவரத்தைப் பின்னால் நினைவுகூர வேண்டியிருக்கும்.

பாலூட்டிகளில் தாய்ப்பாலை மறக்கும் பருவத்துக்குப் பிறகு இந்த நொதியின் உற்பத்தி படிப்படியாகக் குறைந்துவிடுவதே இயல்பு. மனிதரிலும் பெரும்பான்மையோர் அப்படித்தான். உலகத்தின் வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டோஸை முழுவதும் செரிக்க முடிவதில்லை. எஞ்சியவர்களில் பலருக்கு வளர்ந்த பிறகும் நொதி குறையாமல் இருப்பதற்கு, லாக்டேஸ் மரபணுவுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஓர் எழுத்து மாற்றம் காரணம் என்பதை 2002-இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஐரோப்பாவில் காணப்படும் அதே மாற்றம் இந்தியாவிலும் இருக்கிறது. அது வடமேற்கில் மிகுதியாகவும், தெற்கிலும் கிழக்கிலும் குறைவாகவும் பரவியிருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போவதை ஒரு நோயாகப் பார்க்கவேண்டியதில்லை என்று நான் சொல்வது இதனால்தான். நொதி குறைந்திருப்பது வேறு, அதனால் தொல்லை வருவது வேறு. நொதி குறைந்தவர்களில் பலர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை லாக்டோஸைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தாங்கிக்கொள்கிறார்கள். அதே அளவைக் காலையில் வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் குடித்தால் சிலருக்குத் தாங்குவதில்லை.

இப்போது நொதி குறைந்த ஒருவர் அந்தக் கால் லிட்டரைக் குடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் நடப்பது தண்ணீர்க் கணக்கு. குடலின் சுவர் தண்ணீரைத் தாராளமாக உள்ளேயும் வெளியேயும் விடும். உட்புறத்தில் கரைந்திருக்கும் துகள்களின் செறிவு இரத்தத்தின் செறிவோடு ஏறத்தாழச் சமமாகும்வரை தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கும். 12 கிராம் லாக்டோஸ் என்பது, துகள்களை எண்ணும் அலகில், ஏறத்தாழ 35 மில்லிமோல். இரத்தத்தின் செறிவு லிட்டருக்குச் சுமார் 290 மில்லிமோல் துகள் என்பதால், இந்த லாக்டோஸ் தன்னுடன் 120 மில்லி தண்ணீரைக் கட்டிவைத்துக்கொள்ளும். வெட்டப்பட்டிருந்தால் குளுக்கோஸும் காலக்டோஸும் செல்லுக்குள் போயிருக்கும். தண்ணீரும் அவற்றின் பின்னாலேயே உள்ளே போயிருக்கும். இப்போதோ அது குடலுக்குள்ளேயே நின்று சிறுகுடலை விரிக்கிறது, விரிந்த குடல் தன் உள்ளடக்கத்தை வேகமாகக் கீழே தள்ளுகிறது. குடித்து அரைமணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வயிற்றில் உருட்டலும் இழுப்பும் தெரிவதற்கு இந்த விரிவும் வேகமும் ஒரு காரணம்.

ஆனால் 120 மில்லி தண்ணீர் மட்டும் பேதியை உண்டாக்கிவிடாது. பெருங்குடல் ஒவ்வொரு நாளும் லிட்டர் கணக்கில் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது, தேவைப்பட்டால் இன்னும் அதிகமாகவும் உறிஞ்சும். ஆகவே அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மலம் இளகுமா, வாயு மட்டும் வருமா, இரண்டும் இல்லாமல் அடங்கிவிடுமா என்பது முடிவாகிறது.

பெருங்குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மேலிருந்து வந்து சேரும் லாக்டோஸ் அவற்றுக்குக் கிடைத்த விருந்து. அவை தம் சொந்த நொதியால் அதை வெட்டி, ஆக்சிஜன் இல்லாத அந்த இடத்தில் நொதிக்கச் செய்கின்றன. விளைவாக ஒருபுறம் அசிடிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும், மறுபுறம் ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு ஆகிய வாயுக்களும் உண்டாகின்றன. சிலருடைய குடலில் வாழும் மீத்தேன் உற்பத்தி செய்யும் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு மீத்தேனாக மாற்றுகின்றன. இந்த வாயுக்களில் பெரும்பகுதியை இரத்தமும் மற்ற நுண்ணுயிரிகளும் எடுத்துக்கொள்கின்றன; மிச்சம் உப்புசமாகத் தங்கிப் பிறகு ஆசனவாய் வழியாக வெளியேறுகிறது. வயிறு பொருமுவதும், இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியதுபோல உணர்வதும் இந்த வாயு குடலை விரிப்பதால்தான். ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் மணமற்றவை என்பதால், மிகுதியான நாற்றம் இருந்தால் அதில் வேறு உணவின் கந்தகச் சேர்மங்களுக்கும் பங்கு உண்டு. பால் செரிக்காத சிறுபிள்ளைகளின் மலம் புளித்த வாடை அடித்து, சுற்றியுள்ள தோலைச் சிவக்கச் செய்வது மேலே சொன்ன அமிலங்களின் வேலை.

இந்தப் பகுதியில் நிறையப் பேர் கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. வாயுவை உண்டாக்குகிற அதே பாக்டீரியாக்கள்தாம் பேதியிலிருந்து நம்மைக் காக்கவும் செய்கின்றன. அவை லாக்டோஸைச் சிதைத்து உண்டாக்கும் கொழுப்பு அமிலங்களைப் பெருங்குடலின் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. அவற்றோடு சோடியமும் தண்ணீரும் உடலுக்குள் திரும்பி வருகின்றன. பாக்டீரியாக்களால் வந்து சேர்ந்த சர்க்கரை முழுவதையும் தின்று தீர்க்க முடிந்தால் தண்ணீர் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். வாயு வரும், மலம் இறுகியே இருக்கும். அவற்றின் திறமைக்கு மேல் லாக்டோஸ் வந்துவிட்டாலோ, குடலின் வேகத்தில் அவை வேலை முடிப்பதற்குள் எல்லாம் கடந்துபோய்விட்டாலோ, அரைகுறையாக உடைந்த சர்க்கரையும் உறிஞ்சப்படாத அமிலங்களும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மலம் தண்ணீராகப் போகும். ஆகவே ஒரே வீட்டில் ஒரே அளவு பால் குடித்த இருவரில் ஒருவருக்கு வாயுவும் மற்றவருக்குப் பேதியும் வருவது ஆச்சரியப்படத்தக்கதல்ல. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் சேர்த்துக்கொண்டு வந்தால் சில வாரங்களில் தொல்லை தணிவதற்கும் இதுவே காரணம். குடலில் உள்ள பாக்டீரியாக்கள் லாக்டோஸைக் கையாளப் பழகிக்கொள்கின்றன. நம்முடைய லாக்டேஸ் அதிகரிப்பதில்லை.

மாத்திரை இந்தக் கதையில் குறுக்கிடுகிற இடம் இவை எல்லாவற்றுக்கும் மேலே, இரைப்பையில் இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் மாத்திரைகளில் உள்ள லாக்டேஸ் பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையிலிருந்து எடுக்கப்படுகிறது. அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பி.எச். 4 முதல் 5.5 வரையிலான மிதமான புளிப்பில் அது சிறப்பாக வேலை செய்கிறது என்பது. ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் இன்னொரு வகை லாக்டேஸ் பாலின் இயல்பான பி.எச். ஆன 6.7-இல் நன்றாக உழைக்கும்; இரைப்பை அமிலத்தில் அது அழிந்துபோகும். அதனால் அதைப் பாலில் முன்கூட்டியே கலந்து பல மணி நேரம் வைத்திருந்து, லாக்டோஸ் நீக்கிய பால் தயாரிக்கப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பால் சற்றுக் கூடுதலாக இனிப்பது, வெட்டப்பட்ட இரண்டு சர்க்கரைகளும் லாக்டோஸைவிட இனிப்பானவை என்பதால்தான். வெளியிலிருந்து சர்க்கரை சேர்த்திருக்கவேண்டிய அவசியம் இல்லை.

வெறும் இரைப்பையின் பி.எச். சாதாரணமாக 2-க்கும் கீழே இருக்கும். அதில் பூஞ்சை நொதியும் நெடுநேரம் தாக்குப்பிடிப்பதில்லை; அமிலமும், புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்ற நொதியும் சேர்ந்து அதைக் கெடுத்துவிடும். பால் உள்ளே வந்ததும் அதிலுள்ள புரதமும் பாஸ்பேட்டும் அமிலத்தை ஈர்த்துக்கொள்வதால் புளிப்பு தணிந்து, பி.எச். 5-ஐத் தாண்டி உயர்கிறது. பிறகு இரைப்பை மேலும் மேலும் அமிலம் சுரக்கச் சுரக்க, அது படிப்படியாகக் கீழே இறங்குகிறது. மாத்திரையிலுள்ள நொதிக்கு உகந்த சூழல் இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடைப்பட்ட நேரம்தான். இதற்கிடையே பால் இரைப்பையில் திரிந்து, கேசின் என்ற பால்புரதக் கட்டியாகவும் தெளிந்த நீராகவும் பிரிகிறது. லாக்டோஸ் முழுவதும் கரைந்திருப்பது அந்தத் தெளிநீரில். கேசின் கட்டி மணிக்கணக்கில் மேலே தங்கியிருக்க, சர்க்கரை உள்ள நீர் முன்னதாகவே சிறுகுடலுக்குள் வடிந்துபோய்விடும். அரை மணி நேரம் கழித்து மாத்திரை எடுப்பதன் பயனின்மை இங்கே புலனாகிறது. நொதி இருக்கும் இடத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துவிட்டிருக்கும். அரைமணி முன்னதாக வெறும் வயிற்றில் விழுங்கினால் சர்க்கரை வருவதற்குள் நொதி சிதைந்துவிடுகிறது. முதல் மடக்குப் பாலோடு, அல்லது முதல் கவளத்தோடு எடுப்பதே சரியான நேரம்.

எவ்வளவு எடுப்பது என்பதற்கு அட்டைப்பெட்டியில் எஃப்.சி.சி. என்ற அலகு அச்சிடப்பட்டிருக்கும். அந்த அலகு ஆய்வகத்தில் 37 டிகிரி வெப்பத்தில், பி.எச். 4.5-இல், எளிதில் வெட்டப்படும் ஒரு சோதனைப் பொருளை நொதி எவ்வளவு வேகமாக வெட்டுகிறது என்பதை அளக்கிறது. ஓர் அலகு என்பது நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல். ஐரோப்பிய ஒன்றியத்தில் லாக்டோஸ் செரிமானத்துக்கு உதவும் என்று மாத்திரையில் எழுதுவதற்கு ஒரு வேளைக்குக் குறைந்தது 4500 அலகு இருக்கவேண்டும் என்ற விதி உண்டு. 4500 அலகு என்றால் நிமிடத்துக்கு 4.5 மில்லிமோல், நம் கால் லிட்டர் பாலில் இருப்பது 35 மில்லிமோல். தாளில் கணக்குப்போட்டால் எட்டே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இரைப்பையில் அப்படி நடப்பதில்லை. சோதனைப் பொருளைவிட லாக்டோஸ் வெட்டக் கடினமானது, புளிப்பு ஒரே அளவில் நிற்பதில்லை, மாத்திரை கரைந்து கலக்கவே சில நிமிடங்கள் ஆகும். மேலும் வெட்டிக் கிடைத்த காலக்டோஸே நொதியின் பள்ளத்துக்குள் போய் அமர்ந்து அடுத்த லாக்டோஸுக்கு இடம் விடாமல் தடுக்கிறது. ஆகவே ஒரு பகுதி வெட்டுப்படாமலேயே கீழே போகும். அதனால் பெரும்பாலும் கவலை இல்லை. 12 கிராமில் 9 கிராம் வெட்டுப்பட்டால் மீதி 3 கிராம் கட்டிவைக்கும் தண்ணீர் 30 மில்லிதான். பெருங்குடலின் பாக்டீரியாக்கள் அந்த அளவைச் சத்தமில்லாமல் சமாளித்துக்கொள்ளும். தொல்லை அளவைப் பொறுத்தது என்பதால், மாத்திரை முழு வேலையையும் செய்யவேண்டிய கட்டாயம் இல்லை.

அளவு தவறிப்போகிற இடங்கள் சிலவற்றை எடுத்துச் சொல்லவேண்டும். ஒரு லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சினால் ஏறத்தாழ 200 கிராம் கோவா கிடைக்கும். காய்ச்சுவதால் லாக்டோஸில் பெரும்பகுதி அழிவதில்லை, கெட்டிப்படுகிறது. எனவே 50 கிராம் கோவாவில் கால் லிட்டர் பாலின் லாக்டோஸ் அடங்கியிருக்கிறது. பால்கோவாவில் சேர்க்கப்படும் சர்க்கரையின் எடையைக் கழித்தால் அது சற்றுக் குறையலாம். ஆனால் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, அதன்மேல் ஒரு கிண்ணம் பால்பாயசமும் குடித்தால் ஒரு மாத்திரை போதாது. கல்யாணப் பந்தியில் உணவு ஒரு மணி நேரம் நீளும்போது முதல் மாத்திரையின் நொதி அமிலத்தில் கரைந்துவிட்டிருக்கும் என்பதால், பாயசம் வரும்போது இன்னொன்று வேண்டியிருக்கும். மாத்திரையைப் பொடித்துக் கொதிக்கிற காபியிலோ பாலிலோ கலக்கக் கூடாது. நொதி புரதம், கொதிநிலையில் அதன் உருவம் குலைந்துவிடும், திரும்ப வராது. இளஞ்சூடான நீரில் விழுங்குவதில் தடை இல்லை.

மாத்திரை தனக்கு உதவுகிறதா என்று அறிய விரும்புகிறவர், அடுத்தடுத்த நாட்களில் அதே வேளையில், வெறும் வயிற்றில், அதே 250 மில்லி பாலை ஒரு முறை மாத்திரை இல்லாமலும் ஒரு முறை மாத்திரையோடும் குடித்துப் பார்க்கலாம். உடன் வேறொன்றையும் மாற்றாதிருப்பது முக்கியம். மருத்துவமனையில் இதற்குத் துல்லியமான வழி, மூச்சில் உள்ள ஹைட்ரஜனை அளப்பது. பொதுவாக 25 கிராம் லாக்டோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து, அரைமணிக்கு ஒரு முறை மூச்சை ஊதச் சொல்லி அளக்கிறார்கள். அடிப்படை அளவைவிட 20 பி.பி.எம். அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் லாக்டோஸ் செரிக்கவில்லை என்று பொருள். உடலின் சொந்தச் செல்கள் ஹைட்ரஜனை உண்டாக்குவதில்லை என்பதால், மூச்சில் வருவது குடல் பாக்டீரியாக்களிடமிருந்து இரத்தம் கொண்டுவந்ததுதான். ஹைட்ரஜனை மீத்தேனாக மாற்றும் நுண்ணுயிரிகள் மிகுந்தவருக்கும், அண்மையில் ஆன்டிபயாட்டிக் எடுத்தவருக்கும் இந்தச் சோதனை ஏமாற்றக்கூடும். மீத்தேனையும் சேர்த்து அளந்தால் முதல் பிழை குறையும்.

மாத்திரையால் ஒன்றும் ஆகாத நிலைகளையும் தெரிந்துகொள்வது நல்லது. பாலின் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவருக்குத் தடிப்பு, மூச்சிரைப்பு, வாந்தி வரும்; அது உடலின் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை, சர்க்கரையை வெட்டுவதால் அது நிற்காது. கேலக்டோசீமியா என்ற பிறவிக் குறை உள்ள குழந்தைக்கு லாக்டேஸ் கொடுத்துப் பால் கொடுப்பது ஆபத்து, ஏனெனில் அந்தக் குழந்தையால் கையாள முடியாத காலக்டோஸைத்தான் அந்த நொதி விடுவிக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் வெட்டுப்பட்ட லாக்டோஸ் சர்க்கரையாகவே இரத்தத்தில் சேரும் என்பதைக் கணக்கில் கொள்ளவேண்டும். கடுமையான வயிற்றுப்போக்கு, குறிப்பாக ரோட்டாவைரஸ் தொற்று வந்து போன பின் சில வாரங்கள் பால் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு; குடலுறிஞ்சிகளின் நுனி சிதைந்து, அங்கிருந்த லாக்டேஸும் சேர்ந்து போய்விட்டதால் இது நேர்கிறது, நுனி மீண்டும் வளர்ந்ததும் சரியாகிவிடும். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவை இருந்தால் மாத்திரையைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

தயிர் இன்னொரு விதத்தில் இதே வேலையைச் செய்கிறது என்பதைக் கடைசியாகச் சொல்லிவிடலாம். பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை அமிலமாக்கிவிடுகின்றன, பெரும்பகுதி அப்படியே மிஞ்சுகிறது. ஆனால் யோகர்ட் வகைப் பாக்டீரியாக்கள் தம் லாக்டேஸைத் தம் உடலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இரைப்பை அமிலத்தைத் தாண்டிச் செல்கின்றன. சிறுகுடலில் பித்தநீர் பட்டு அவற்றின் சுவர் பழுதாகும்போது அந்த நொதி வெளிப்பட்டு எஞ்சிய லாக்டோஸை வெட்டுகிறது. தயிர் மெதுவாக இரைப்பையை விட்டு நகர்வதும் அதற்கு நேரம் தருகிறது. இந்தப் பயன் உயிருள்ள பாக்டீரியாக்களைப் பொறுத்தது என்பதால், மோர்க்குழம்பாகக் கொதிக்கவைத்த தயிரில் அது இராது. ஆகவே பால் குடித்தால் கலங்குகிறவர்களில் பலர் பச்சைத் தயிர்சாதத்தை மாத்திரை இல்லாமலேயே ஒத்துக்கொள்கிறார்கள், மோர்க்குழம்பும் லாக்டோஸ் அளவு சிறிதாக இருந்தால் பெரும்பாலும் தாங்கும். பாலும் கோவா இனிப்பும் பாயசமும்தான் அவர்களுக்கு மாத்திரையைக் கேட்கின்றன.